எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு சின்ன வயர்: வயரிங் கேள்வி-பதில்

கேள்வி (பெரம்பூர்): பிளக் பாயிண்டைக் கழற்றி போட்டோ எடுத்திருக்கிறேன். பேஸ் வலது பக்கம் வர வேண்டும் என்று படித்தேன். இதில் சிவப்பு வயர் இடது பக்கம் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் மாற்றிப் போட்டுவிட்டாரா?

நீங்கள் எடுத்திருப்பது பின்பக்கத்துப் படம். எர்த் துளை மேலே இருக்க, முன்னால் நின்று பார்த்தால்தான் பேஸ் வலது பக்கம். பின்னாலிருந்து பார்க்கும்போது அது இடதாகத்தான் தெரியும். ஆக, இடம் சரி. ஆனால் சிவப்பு வயரில் பேஸ்தான் வருகிறதா என்று போட்டோ சொல்லாது. பழைய வீடுகளில் கையில் கிடைத்த கலரில் வயர் இழுத்திருப்பார்கள். பாயிண்டை மூடி மாட்டிய பிறகு, முன்பக்கத் துளையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். வலது துளையில் மட்டும் எரிய வேண்டும்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): வாடகை வீடு. வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இப்போது ஷாக் இல்லை. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 0. போட்டோ பார்த்து சரியா சொல்லுங்கள்.

சரியில்லை. இந்த முறை வந்த படங்களில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். பதிலை முழுவதும் படிக்கும் வரை மெஷினை பிளக்கில் செருகாதீர்கள்.

படத்தில் எர்த் பின்னுக்கு, வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து பச்சை வயர் எதுவும் வரவில்லை. நியூட்ரல் ஸ்க்ரூவிலிருந்து இரண்டு அங்குல வயர் ஒன்று எர்த் ஸ்க்ரூவுக்குப் போகிறது, அவ்வளவுதான். அவர் எர்த் கொடுக்கவில்லை, மெஷினின் உடம்பை நியூட்ரலோடு கட்டிவிட்டிருக்கிறார். மீட்டர் 0 காட்டுவதும் அதனால்தான். இரண்டு பின்னும் ஒரே கம்பி என்றால் நடுவே வோல்டேஜ் எப்படி வரும்? உண்மையான எர்த் இருக்கும் வீட்டில், மெஷின் ஓடும்போது அந்த இடத்தில் பொதுவாக ஓரிரு வோல்டாவது தெரியும். லோடு ஓடும்போதும் அசையாமல் 0 என்றால் சந்தேகப்பட வேண்டும்.

நியூட்ரல் நன்றாக இருக்கும் வரை எதுவும் நடக்காது. ஒரு நாள், சுவருக்குள் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் இணைப்பு விட்டுப்போகிறது என்று வையுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் ஒரு பியூஸ் போட்டிருப்பார்கள், அது போனாலும் இதே கதைதான். பேஸ் மெஷினுக்குள் போகிறது, மோட்டார் வழியாக நியூட்ரல் பின்னுக்கு வருகிறது. அங்கிருந்து திரும்பிப் போக வழியில்லை. ஆனால் அந்த இரண்டு அங்குல வயர் இருக்கிறதே! அது வழியாக எர்த் பின், அங்கிருந்து மெஷினின் தகரம். உடம்பு முழுக்க 230 வோல்ட். மெஷின் நின்றுவிட்டதால் 'என்ன ஆச்சு' என்று பார்க்க யாராவது ஈரக்காலோடு போய்க் கை வைப்பார்கள். கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி.யும் விழாது. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும், ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை.

பல வருடங்களுக்கு முன்பு நான் பார்த்த ஒரு வீட்டில் சரியாக இப்படித்தான் நடந்தது. அந்த அம்மா ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் கை உதறியதோடு தப்பித்தார்.

செய்ய வேண்டியது: மெயினை அணைத்து அந்தத் துண்டு வயரை எடுக்கச் சொல்லுங்கள். கீழே மீட்டர் போர்டு பக்கத்தில் இருக்கும் எர்த் இணைப்பிலிருந்து டிபி பாக்ஸுக்கும், அங்கிருந்து இந்தப் பாயிண்டுக்கும் தனியாகப் பச்சை வயர் இழுக்க வேண்டும். கூடவே, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அது போட்ட பிறகு மாதம் ஒருமுறை 'T' பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆனால் பட்டனை அழுத்தியதும் ஆர்.சி.சி.பி. விழுவதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும்.

முதலில் அடித்த அந்த லேசான ஷாக் எங்கிருந்து வந்தது என்பது படத்தில் தெரியாது. மெஷினுக்குள் லீக்கேஜ் இருக்கலாம். எர்த் இழுத்த பிறகு அதையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

கேள்வி (வேளச்சேரி): தரைத்தளம். மழைத் தண்ணீர் ஓரடி உயரம் நின்று வடிந்துவிட்டது. கீழே உள்ள பிளக் பாயிண்டின் படம் இது. காய்ந்துதான் இருக்கிறது. மெயின் போடலாமா?

வேண்டாம். பாயிண்ட் காய்ந்திருக்கும், சுவருக்குள் போகும் பைப்பில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, கீழ் பாயிண்டுகளை டிபியிலேயே பிரித்துவிட்டு, இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெக்கரில், 500 வோல்ட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. மீட்டர் பெட்டியும் நனைந்திருந்தால் அதைத் திறக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லிவிடுங்கள்.

கேள்வி (அண்ணாநகர்): கீசர் பிளக்கில் ஒரு முள் மட்டும் பழுப்பாகிவிட்டது. எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை. புது பிளக் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு அது சாதாரணம், எம்.சி.பி.க்கும் எந்தக் குறையும் தெரியாது. குறை அந்த ஒரு துளையின் பிடியில் இருக்கிறது. பிடி தளர்ந்து அங்கே வெறும் 0.3 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே சுமார் 23 வாட் சூடு உண்டாகும். ஒரு சின்ன சால்டரிங் அயனை அந்தத் துளைக்குள் சொருகி வைத்தது போல.

சூட்டில் சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் விறைப்பை இழந்திருக்கும். புது பிளக்கை அதில் செருகினால் அதுவும் கருகும். பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். பின்னால் வயரின் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): வாஷிங் மெஷின் போர்டின் படம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது கெபாசிட்டர் வாங்கி வந்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் தொடலாம்தானே? 5 வோல்ட் பகுதியில் பயமில்லைதானே?

இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில்.

படத்தில் பெரிய கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது, அதை மாற்றலாம் என்று நீங்கள் நினைத்தது சரி. ஆனால் 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் அதில் சுமார் 325 வோல்ட் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். மீட்டரை 600 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து அதன் இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். வோல்டேஜ் இருந்தால், 4.7 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேட் செய்து சில விநாடிகள் குறுக்கே வைத்துவிட்டு மறுபடியும் அளக்கவும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் தீப்பொறி பறக்கும், போர்டில் டிராக்கும் போகும்.

5 வோல்ட் பகுதிதான் பலர் ஏமாறும் இடம். செல்போன் சார்ஜரில் மெயினுக்கும் 5 வோல்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்திருக்கும். பல வாஷிங் மெஷின் போர்டுகளில் அந்தப் பிரிவே கிடையாது. உங்கள் படத்திலும் சின்னக் காயில் ஒன்றுதான் தெரிகிறது, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. அப்படியானால் போர்டின் கிரவுண்டே மெயினோடு சேர்ந்திருக்கும். அந்த 5 வோல்டும் கிரவுண்டும் தங்களுக்குள் 5 வோல்ட் காட்டும், தரையில் நிற்கும் உங்களுக்கு 230. பவர் கொடுத்த நிலையில் லேப்டாப்பையோ ஆஸிலாஸ்கோப்பையோ இதில் மாட்டவே கூடாது.

புது கெபாசிட்டரின் மைக்ரோ ஃபாரட் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம், 105 டிகிரி ரகம் நல்லது. பக்கவாட்டில் பட்டை போட்ட கால்தான் நெகட்டிவ். மாட்டியதும் நேராக மெயினில் செருகாமல், தொடரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்துப் போடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சமாக நின்றுவிட்டால் போர்டில் வேறெங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்போது போர்டை ஒரு மெக்கானிக்கின் மேசைக்கு எடுத்துப் போங்கள்.