ஆறு அறை, பன்னிரண்டு மாதம்: நுவரெலியாவிலிருந்து ஒரு கெஸ்ட் ஹவுஸ் கணக்கு

கேள்வி: நுவரெலியாவில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் எடுத்து நடத்தப் போகிறோம். மாதாமாதம் ஆக்குபன்சி, ஏடிஆர், ரெவ்பார் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது? வருடக் கடைசியில் அதிலிருந்து என்ன தெரியும்?

நாங்கள் குடும்பமாக நுவரெலியாவில் ஆறு அறை நடத்துகிறோம். முதல் வருடம் இந்தக் கணக்கைப் பிழையாக எழுதி, ஏப்ரலுக்கான விலையையே பிழையாகப் போட்டோம். அதனால் எங்கள் கொப்பியை வைத்தே சொல்கிறேன். தொகைகள் இலங்கை ரூபாயில், கொஞ்சம் உருண்டையாக்கியவை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘அறை இரவு’. ஓர் அறை, ஓர் இரவு, அவ்வளவுதான். ஆறு அறையும் ஏப்ரலின் 30 நாளும் சேர்ந்தால் விற்பதற்கு 180 அறை இரவு கையில் இருக்கிறது. அதில் எத்தனை வீதம் விற்றது என்பது ஆக்குபன்சி. விற்ற இரவு ஒன்றுக்குச் சராசரியாக எவ்வளவு வந்தது என்பது ஏடிஆர். விற்றதோ விற்காததோ, கையில் இருந்த இரவு ஒன்றுக்கு எவ்வளவு வந்தது என்பது ரெவ்பார். மூன்று எண்ணுக்கும் மாதம் மூன்று தொகைதான் தேவை: இருந்த இரவு, விற்ற இரவு, அறை வருமானம். கணினித் தாளில் B, C, D நிரல்களில் அவற்றைப் போட்டால் போதும்.

```
=C2/B2     ஆக்குபன்சி
=D2/C2     ஏடிஆர்
=D2/B2     ரெவ்பார்
```

சூத்திரம் சுலபம். C, D இரண்டிலும் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பிழை வரும்.

நாங்கள் முதல் வருடம் காசு கைக்கு வந்த நாளில் எழுதினோம். சித்திரைப் புத்தாண்டுக்கு வருகிற கொழும்புக் குடும்பங்கள் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் முற்பணம் போட்டுவிடுவார்கள். அந்தக் காசு மார்ச்சில் ஏறியது, ஆட்கள் தங்கியது ஏப்ரலில். கொப்பியில் மார்ச் பெருத்தது, ஏப்ரல் இளைத்தது. “ஏப்ரல் பெரிதாக ஒன்றும் இல்லையே” என்று நினைத்து அடுத்த சீசனுக்குக் குறைந்த விலை சொல்லிவிட்டோம். காசு எப்போது வந்தாலும், ஆள் தூங்கிய இரவின் பெயரில்தான் எழுத வேண்டும். மார்ச் 30 வந்து ஏப்ரல் 2 காலையில் போகிறவருக்கு மூன்று இரவு. இரண்டு மார்ச்சுக்கு, ஒன்று ஏப்ரலுக்கு.

அடுத்தது காலைச் சாப்பாடு. இருவருக்கு அறையும் காலைச் சாப்பாடுமாக 12,500 வாங்குகிறோம் என்று வையுங்கள். தனியாகச் சாப்பிட்டால் ஒருவருக்கு 1,500 என்றால், 3,000ஐக் கழித்து 9,500ஐத்தான் அறை வருமானமாக எழுத வேண்டும். 10% சேவைக் கட்டணம், வரி, இராச்சாப்பாடு ஒன்றும் D நிரலுக்குள் வரக்கூடாது. பதிவுத் தளத்தின் தரகுப் பணத்தை நான் கழிப்பதில்லை. விருந்தாளி கொடுத்த முழு அறை விலையை எழுதிவிட்டுத் தரகைப் பக்கத்து நிரலில் வைக்கிறேன். தளம் தரகைப் பிடித்துக்கொண்டு அனுப்பிய மீதியை ஒரு மாதமும், முழு விலையை இன்னொரு மாதமும் எழுதினால் இரண்டு மாதத்தையும் ஒப்பிடவே முடியாது.

சாரதி அறை நம் பக்கத்தில் முக்கியமான விசயம். வான் சாரதிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற பின் அறை விற்பனைக்குரிய அறை அல்ல, அதை B நிரலில் சேர்க்காதீர்கள். ஆனால் அது நிரம்பி, ஒரு சாரதியை நல்ல அறையில் இலவசமாகப் படுக்கவிட்டால் அந்த இரவு B நிரலில் இருக்கும், C நிரலில் இருக்காது. சொந்தக்காரர் வந்து தங்கினாலும் அதே கணக்குத்தான். கூரை ஒழுகி ஓர் அறையைப் பத்து நாள் பூட்டினால் நான் B நிரலில் கழிப்பதில்லை. கழித்தால் ஆக்குபன்சி அழகாகத் தெரியும், ஆனால் அந்தப் பத்து நாளும் வாடகை ஓடிக்கொண்டுதானே இருந்தது.

சரி, இப்படி ஒழுங்காக எழுதிய ஒரு வருடம் இது. D நிரலின் அறை வருமானத்தை இங்கே காட்டவில்லை, விற்ற இரவை ஏடிஆரால் பெருக்கினால் அது வந்துவிடும்.

| மாதம் | இருந்த இரவு | விற்ற இரவு | ஆக்குபன்சி | ஏடிஆர் | ரெவ்பார் |
|---|---|---|---|---|---|
| ஜனவரி | 186 | 112 | 60% | 11,000 | 6,624 |
| பெப்ரவரி | 168 | 109 | 65% | 11,000 | 7,137 |
| மார்ச் | 186 | 97 | 52% | 10,500 | 5,476 |
| ஏப்ரல் | 180 | 126 | 70% | 17,000 | 11,900 |
| மே | 186 | 65 | 35% | 9,500 | 3,320 |
| ஜூன் | 180 | 45 | 25% | 8,000 | 2,000 |
| ஜூலை | 186 | 80 | 43% | 9,500 | 4,086 |
| ஆகஸ்ட் | 186 | 108 | 58% | 11,500 | 6,677 |
| செப்டம்பர் | 180 | 63 | 35% | 9,000 | 3,150 |
| ஒக்டோபர் | 186 | 56 | 30% | 8,500 | 2,559 |
| நவம்பர் | 180 | 54 | 30% | 8,500 | 2,550 |
| டிசம்பர் | 186 | 120 | 65% | 13,000 | 8,387 |

டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுக்காரர் காலம். ஏப்ரல் உள்ளூர்க்காரருடையது: புத்தாண்டு விடுமுறை, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம். மே முடிவில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஜூன் முழுக்க நனையும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பிய விடுமுறையும் கண்டிப் பெரஹராவும் ஆட்களைக் கொண்டுவரும். ஒக்டோபர், நவம்பரில் இடிமழையும் மண்சரிவுப் பயமும். இந்தக் கோலம் நுவரெலியாவுக்கு. எல்ல பக்கம் மலையின் மறுபுறம் என்பதால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே நல்ல வெயில், கணக்கும் வேறு. நல்லதண்ணியில் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைதான் எல்லாம். வேறு ஊர்க்காரருடைய பட்டியலைப் பார்த்து உங்கள் விலையைப் போடாதீர்கள்.

வருட எண்களை எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு ஏடிஆரையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் 10,583 வரும். அது பிழை. ஜூனில் விற்ற 45 இரவுக்கும் ஏப்ரலில் விற்ற 126 இரவுக்கும் ஒரே நிறை கொடுத்ததாகிவிடும். முழு வருட வருமானம் 1,16,33,000. விற்ற இரவு 1,035. ஆகவே உண்மையான ஏடிஆர் ஏறக்குறைய 11,240. பிழையான சராசரியை விற்ற இரவுகளால் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 6 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கும். மாத எண்களைச் சராசரி பார்க்காமல் மொத்தங்களை வகுக்க வேண்டும்.

```
=SUM(D2:D13)/SUM(C2:C13)
=SUM(D2:D13)/SUM(B2:B13)
```

இரண்டாவது வரி வருட ரெவ்பார். எங்களுக்கு 5,312 வந்தது. இருந்த 2,190 இரவில் விற்றது 47%.

இன்னொன்று, வெளிநாட்டுக்காரருக்கு டொலரில் விலை வைத்தால் டொலர் தொகையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 2022இல் ரூபாய் சரிந்தபோது ஒரு டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. டொலர் விலை அப்படியே இருந்தாலும் ரூபாய் ஏடிஆர் தானாக ஏறியிருக்கும்.

இனி இந்தப் பட்டியலை வைத்து நாங்கள் செய்த இரண்டு காரியம்.

ஜூனைப் பார்த்ததும் விலையைக் குறைக்கத்தான் கை போகும். மறு வருடம் 8,000ஐ 6,500 ஆக்கினோம். விற்றது 45இலிருந்து 50 ஆனது. ஆக்குபன்சி 28%. ஆனால் வருமானம் 3,60,000இலிருந்து 3,25,000க்கு இறங்கியது, ரெவ்பார் 1,806. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஓர் அறை ஓர் இரவு விற்றால் விரிப்புக் கழுவ, சவர்க்காரம், சுடுதண்ணீருக்கு, துப்புரவாக்க என்று எங்களுக்கு ஏறக்குறைய 1,800 போகிறது. 8,000க்கு விற்றால் 6,200 மிஞ்சும், 6,500க்கு விற்றால் 4,700தான். பழைய மிச்சமான 2,79,000ஐ எட்டவே 60 இரவு விற்க வேண்டும். அந்த மழையில் அத்தனை பேர் ஊருக்கே வருவதில்லை. ரெவ்பாருக்கு இந்த 1,800 தெரியாது. அதனால் விலையைக் குறைக்கும் முன் இந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். இப்போது ஜூனில் விலை 8,000தான், பெயின்ட் வேலையும் அந்த மாதத்திலேயே.

ஏப்ரல் அப்படி இல்லை. 70% என்பதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சிதான் மாதத்தை இரண்டாக வெட்டிக் காட்டினாள். முதல் 20 நாளில் 120 இரவில் 110 விற்றிருக்கிறது, சராசரி 18,000க்கு மேல். கடைசிப் பத்து நாளில் 60 இரவில் 16தான், சராசரி 9,000. காரணம் மழையோ ஆள் இல்லாததோ அல்ல. தளத்தில் 30ஆம் திகதி வரை சீசன் விலையைப் போட்டு வைத்திருந்தோம். அந்த 16 இரவும் தொலைபேசியில் கேட்டு விலை குறைத்து வந்தவர்கள். மற்றவர்கள் விலையைப் பார்த்தவுடனே வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

மறு வருடம் 21ஆம் திகதியிலிருந்து 9,000 என்று வெளிப்படையாகப் போட்டோம். 16 இரவு 27 ஆனது. முதல் 20 நாளும் முன்போலவே ஓடியது. மாதக் கணக்கை முடித்தபோது ஏடிஆர் 17,000இலிருந்து 16,360க்கு இறங்கியிருந்தது, அதைப் பார்த்து அண்ணன் முகம் சுருங்கியது. ரெவ்பார் 11,900இலிருந்து 12,450க்கு ஏறியிருந்ததைத் தங்கச்சி கொப்பியில் விரல் வைத்துக் காட்டினாள். கூடுதலாக வந்த 99,000இல் செலவு 20,000க்கும் குறைவு.