அம்மாவின் கையெழுத்து யாருடையது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 54. மகன் பெர்த்தில் வீடு வாங்குகிறான். அவனுக்கு அன்பளிப்பாக மே மாதம் நான் பத்து லட்சம் ராண்டு, என் மனைவி பத்து லட்சம் ராண்டு அனுப்பினோம். நவம்பர் கடைசிக்குள் இன்னும் 8 லட்சம் வேண்டும் என்கிறான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப எங்கள் இருவருக்கும் 2025-க்கான வரம்பு முடிந்துவிட்டது என்று வங்கியில் சொல்கிறார்கள். அம்மாவின் கணக்கில் 8 லட்சத்தைப் போட்டு, அவர் பெயரில் அனுப்பிவிடலாம் என்கிறான் மச்சான். அம்மாவுக்கு 76 வயது, அரசின் சாசா பென்ஷன் வாங்குகிறார். எதற்கு என்று கேட்கவே மாட்டார், கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவார். இதில் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் வீடு, பெர்த், 8 லட்சம் எல்லாவற்றையும் தாண்டி என் கண் போய் நின்றது கடைசிக்கு முந்தைய வரியில். “எதற்கு என்று கேட்கவே மாட்டார்.” அம்மா கேட்க மாட்டார் என்பதை ஒரு வசதி போல எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் போடும் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? உங்கள் பள்ளி படிவத்திலிருந்து வீட்டுக் கடன் ஜாமீன் வரை நீட்டிய இடத்திலெல்லாம் போட்டுப் போட்டு வந்தது. மகன் தன்னை மாட்டிவிட மாட்டான் என்ற நம்பிக்கைதான் அந்தக் கையெழுத்து.

இந்த முறை எதில் போடச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி நீட்டும் தாளில் ஒரு உறுதிமொழி இருக்கிறது. இதைப் படித்தேன், புரிந்துகொண்டேன், சொன்ன விவரம் எல்லாம் உண்மை என்று அனுப்புகிறவர் ஒப்புக்கொள்கிறார். படிக்காதவர், புரியாதவர், பணம் தன்னுடையதில்லாதவர் அதன் கீழே கையெழுத்திட்டால் முதல் வரியே பொய். அந்தப் பொய் உங்கள் பெயரில் இருக்காது. அம்மாவின் அடையாள எண்ணில் இருக்கும். எந்த வங்கி வழியாக அனுப்பினாலும் அந்த எண்ணோடு விவரம் ரிசர்வ் வங்கிக்குப் போகிறது. 1961-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளை மீறினால் 2,50,000 ராண்டோ அந்தத் தொகையின் மதிப்போ, எது அதிகமோ அதுவரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 76 வயது அம்மாவைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று மச்சான் சொல்வார். ஆனால் பணத்தைப் பறிமுதல் செய்ய அந்த விதிகளில் இடம் உண்டு. விளக்கம் கேட்டு வரும் கடிதமும் அம்மா வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

2025-க்கான இந்தப் பத்து லட்சம் வரம்பு என்பது குடும்பத்துக்கு இத்தனை தலை, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் ரேஷன் இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தன் பணத்தைத் தன் காரணத்துக்காக அனுப்பும் உரிமை அது. பயணம், அன்பளிப்பு, பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டுக்குச் சேராது.

சரி, அம்மாவுக்கு நிஜமாகவே கொடுத்துவிட்டேன், அவர் நிஜமாகவே பேரனுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நன்கொடை வரி வருகிறது. மார்ச் 2025-இல் தொடங்கிய வரி ஆண்டில் ஒருவர் கொடுக்கும் அன்பளிப்பில் முதல் 1 லட்சம் ராண்டுக்கு விலக்கு, மேலே உள்ளதற்கு 20 சதவீதம். உங்கள் விலக்கு மே மாதமே மகனுக்குப் போய்விட்டது. ஆகவே அம்மாவுக்குக் கொடுக்கும் 8 லட்சத்துக்கு நீங்கள் 1,60,000 கட்ட வேண்டும். அதே பணத்தை அம்மா பேரனுக்குக் கொடுத்தால், அவருடைய 1 லட்சம் போக 7 லட்சத்துக்கு 1,40,000. ஒரே 8 லட்சம் இரண்டு கை மாறியதற்கு 3 லட்சம் வரி. இல்லை அக்கா, அது அம்மாவின் பணமே இல்லை, சும்மா கணக்கு வழியாகப் போகிறது என்பீர்களானால், வரம்பு முடிந்த நீங்களே அனுப்புகிறீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்கிறீர்கள். இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும்?

உங்கள் மனைவி அனுப்பிய பத்து லட்சம் உங்கள் சம்பாத்தியமாகவே இருந்தாலும் சிக்கல் இல்லை, கணவன் மனைவிக்குள் கொடுப்பதற்கு நன்கொடை வரி கிடையாது. அந்த நினைப்பில்தான் அம்மாவையும் சேர்த்துவிட்டீர்கள் போல. அந்த விலக்கு தாய்க்கு நீளாது.

மே மாதத்துக்கே வருகிறேன். இருவரும் நன்கொடை வரிக்கான IT144 படிவம் கொடுத்து வரி கட்டினீர்களா? வேறு அன்பளிப்பு எதுவும் கொடுக்காமல் இருந்தால் ஆளுக்கு 9 லட்சத்தில் 1,80,000. கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள், அதாவது ஜூன் 30-க்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் இந்த வாரமே ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள். மே மாதம் அனுப்பியது கடன்தான் என்று இப்போது பழைய தேதி போட்டு ஒப்பந்தம் எழுத மட்டும் யாருக்கும் சம்மதிக்காதீர்கள். அனுப்பியது அன்பளிப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பென்ஷன் விஷயத்தை ஏன் பின்னால் வைத்தேன் என்றால், எனக்கு அதைச் சொல்லவே மனசு ஆறவில்லை. சாசா பணம் சொத்தும் வருமானமும் பார்த்துத் தருவது. வங்கிக் கணக்கையும் பார்க்கிறார்கள். மாதாமாதம் பென்ஷன் மட்டும் வந்துபோகும் கணக்கில் திடீரென்று 8 லட்சம் வந்து, நாலு நாளில் வெளிநாட்டுக்குப் போனால் அதிகாரி என்ன நினைப்பார்? விசாரணைக்குக் கூப்பிடலாம், அதுவரை பணம் நிற்கலாம். அந்த மாதம் மருந்துக் கடையில் அம்மா என்ன சொல்வார்?

என் பெரியம்மா ஒருவர் மெரிபாங்கில் இருந்தார். அவருடைய மகனும் இப்படித்தான் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. யாரிடம் காட்டுவது, காட்டினால் பிள்ளைக்கு ஆபத்தோ என்று பயந்து, சாமி விளக்குக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தார். நான் போனபோது எண்ணெய் ஊறி எழுத்துக் கலங்கியிருந்தது. பதில் சொல்லக் கொடுத்திருந்த தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. “தம்பிக்குத் தெரிய வேண்டாம்” என்றார். யாரைக் காப்பாற்றினார் பாருங்கள்.

உங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் வெளிநாட்டில் முதலீடு செய்ய, வரித்துறையான சார்ஸின் அனுமதியோடு ஆண்டுக்கு இன்னும் ஒரு கோடி ராண்டு வரை தனி வழி இருக்கிறது. மூன்று ஆண்டுச் சொத்து, கடன் கணக்கும் பணம் வந்த மூலமும் காட்டி, இ-ஃபைலிங்கில் விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்கான அன்பளிப்பு அந்த வழியில் போகுமா என்பதை விண்ணப்பிக்கும் முன் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட எளிது, காத்திருப்பது. ஜனவரி 1 அன்று உங்கள் இருவருக்கும் புது வரம்பு பிறக்கிறது. நன்கொடை வரியின் ஆண்டு மட்டும் மார்ச் 1-இல்தான் மாறும், அதனால் ஜனவரியில் அனுப்பினாலும் வரியை எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

பணம் கட்டி வீட்டை வாங்கி முடிக்கும் செட்டில்மென்ட் தேதியைத் தள்ளிவைக்க விற்பவர் சம்மதிப்பாரா என்று மகனை இன்றே கேட்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அவன் அங்கே வங்கிக் கடனைக் கூட்டிக்கொள்ளட்டும், இல்லை சின்ன வீடாகப் பார்க்கட்டும். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இருபது லட்சம் கொடுத்த பெற்றோர் நீங்கள். மிச்சத்துக்கு அவனுடைய ஆயாவின் பெயரைக் கேட்பதற்கு அவனுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. மச்சானுக்கு அவ்வளவு அக்கறை என்றால் அவருடைய சொந்தப் பணத்தில் அவருடைய வரம்பில் கொடுக்கட்டும்.

அம்மாவிடம் இந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து, இப்படி ஒரு எண்ணம் இருந்தது, விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். இதுவரை உங்களுக்காக எங்கெங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். மச்சான் ஏற்கெனவே ஏதாவது தாளை நீட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும்.