சடசட, குடுகுடு, தளதள: ஆங்கிலத்தில் இவற்றுக்கு இணை எங்கே இருக்கிறது?

கேள்வி: மழைக்குச் சடசட, ஓடும் காலுக்குத் தடதட, கொதிக்கும் உலைக்குத் தளதள என்கிறோம். இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். அகராதியைப் புரட்டினால் எதுவும் ஒட்டவில்லை. சரியான ஒலிச்சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் அம்மா தம் சிறுவயதுக் கதைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம், ஓட்டு வீடு, மாட்டுக்கொட்டகை, கேழ்வரகுக் களி. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த அண்ணன் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவளுக்காக அந்த நோட்டை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றேன். அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"பொட்டு பொட்டென்று ஓட்டின்மேல் விழுந்த மழை சற்று நேரத்தில் சடசடவென்று அடித்தது. தம்பி குடுகுடுவென்று உள்ளே ஓடி வந்தான். ஆயா கொல்லையிலிருந்து சதக் பொதக்கென்று சேற்றை மிதித்துக்கொண்டு வந்தார். அடுப்பில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது."

நான்கு வாக்கியத்தில் ஐந்து ஒலி. முதல் முயற்சியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில ஒலிச்சொல்லைத் தேடிப்பிடித்து, நம் வழக்கப்படி இரண்டிரண்டு முறை எழுதிவிட்டேன். படித்த அண்ணன் மகள், "சித்தப்பா, இது மூன்று வயதுக் குழந்தைக்கான படப்புத்தகம் போல இருக்கிறதே" என்றாள். அவள் சொன்னது சரி. ஆங்கிலத்தில் ஒரே ஒலியை அப்படியே இரட்டித்தால் பெரும்பாலும் மழலையாகிவிடுகிறது. ரயிலைச் சூ-சூ என்பது குழந்தைகளின் பேச்சு. தமிழில் அந்த நிறம் கிடையாது. பெரியவர்களின் பேச்சிலும் செய்யுளிலும் உரைநடையிலும் இரட்டைக்கிளவி இயல்பாக வரும். "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்று தொல்காப்பியம் அதற்கு விதியே சொல்கிறது. 'சடசட' என்பதைப் பிரித்து வெறும் 'சட' என்றால் மழை நின்றுவிடும்.

அப்படியானால் நம் இரட்டிப்பு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எது செய்கிறது? அதைக் கண்டுகொண்ட பிறகுதான் எனக்கு வழி திறந்தது.

முதலில் நம் சொற்களையே காதால் பிரித்துப் பாருங்கள். 'சரக்' என்பதும் 'சரசர' என்பதும் ஒரே ஒலிதான். சருகின்மேல் ஒரு காலை வைத்தால் சரக். பாம்பு சருகுக்குள் நெளிந்து போனால் சரசர. வல்லொற்றில் முடியும் சொல் ஒலி எழுந்து நின்றுவிட்டதைக் காட்டுகிறது. உயிரில் முடிந்து இரட்டிக்கும் சொல் இடைவெளி தெரியாமல் ஒலி ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே 'சரக் சரக்' இருக்கிறது. அதில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு உண்டு. அவர்கள் இரட்டிப்பதற்குப் பதிலாக வால் சேர்க்கிறார்கள். 'பேட்' என்றால் உள்ளங்கையால் ஒருமுறை மெல்லத் தட்டுவது. அதன் பின்னால் 'அர்' சேர்ந்து 'பேட்டர்' ஆனால் விடாமல் தட்டுவது. 'கிராக்' என்றால் ஒரு வெடிப்பு. 'கிராக்கிள்' என்றால் விறகு அடுப்பில் படபடவென்று வெடித்துக்கொண்டே இருப்பது. இந்த 'அர்', 'இள்' என்னும் இரண்டு வால்களும் பழங்காலத்திலிருந்தே அந்த மொழியில் ஒரு செயல் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டுகின்றன. ரேட்டில், ரசில், பபிள், கர்கிள் எல்லாம் இந்த வாலோடு ஒலிப்பவை. இப்படி முடியும் எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ஒலிச்சொற்களில் தேடும்போது மட்டும் நல்ல வழிகாட்டி.

ஆகவே நான் வைத்துக்கொண்ட சோதனை மிக எளிது. தமிழ்ச் சொல்லின் முன்னால் 'ஒரே ஒருமுறை' என்று போட்டுப் பார்ப்பேன். 'ஒரே ஒருமுறை சரக்கென்றது' என்றால் ஒட்டுகிறது. அதற்கு ஆங்கிலத்தில் வாலில்லாத குட்டைச் சொல் வேண்டும். 'ஒரே ஒருமுறை சடசடவென்றது' என்றால் ஒட்டுவதில்லை. அதற்கு வால் வைத்த சொல் வேண்டும்.

இன்னொரு வேறுபாடு வாக்கியத்தில் இருக்கிறது. நாம் 'சடசட' என்ற ஒலியைத் தனியாக வைத்து, 'என்று' சேர்த்து, பிறகு 'பெய்தது', 'அடித்தது' என்று வினையைச் சொல்கிறோம். மழையே 'சடசட' என்று பேசியதுபோல ஓர் அமைப்பு. ஆங்கிலத்தில் ஒலியே வினையாகிவிடும். 'மழை பேட்டர் என்று பெய்தது' என்று எழுதுவதில்லை, மழை பேட்டரிட்டது என்பதுபோல எழுதுகிறார்கள். நம்மிடமும் 'ஓடை சலசலத்தது', 'இறக்கை படபடத்தது' என்ற வடிவம் உண்டு. மொழிபெயர்க்கும் முன் தமிழ் வாக்கியத்தை மனத்துக்குள் அந்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். 'பெய்தது' என்ற வினையை மொழிபெயர்க்கவே வேண்டாம். அகராதியில் உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் இவ்வகைச் சொற்கள் பெரும்பாலும் 'எனல்' என்ற முடிவோடு, 'சலசலெனல்' என்பதுபோல, பெயராகப் பதிவாகியிருக்கும். அங்கே கிடைக்கும் பொருள் ஒரு விளக்கம். உங்களுக்கு வேண்டியது ஒரு வினை.

இனி அம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன்.

'பொட்டு பொட்டு' எளிது. எங்கள் ஊரில் கோடை மழை அப்படித்தான் தொடங்கும். பெரிய துளிகள் சிறியவற்றைவிட வேகமாக விழுவதால் முதலில் ஓட்டைத் தொடுபவை அவைதான். ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். எண்ண முடிகிற ஒலி என்பதால் வாலில்லாத 'பிளாப்'. அதையும் இரட்டிக்காமல், துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன என்று வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். 'சடசட' வந்ததும் 'பேட்டர்' போட்டேன். அது நாட்டு ஓட்டுக்குச் சரி. அதே மழை தகரக் கொட்டகையில் விழுந்திருந்தால் பேட்டர் போதாது. மென்மையான சொல் அது. தகரத்துக்கு 'டிரம்' என்ற வினைதான் ஆங்கிலத்தில் வழக்கம், பறை முழங்குவதுபோல. தமிழில் ஓட்டுக்கும் தகரத்துக்கும் 'சடசட' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மழை எதன்மேல் விழுகிறது என்று தெரியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

தம்பியின் 'குடுகுடு'வில்தான் சிக்கினேன். சிறு குழந்தையின் காலடிக்கும் ஆங்கிலத்தில் 'பேட்டர்'தான். பிட்டர்-பேட்டர் என்று மழைக்கும் குழந்தையின் பாதத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். நமக்கு மழை குடுகுடுவென்று பெய்யாது, குழந்தை சடசடவென்று ஓடாது. அடுத்தடுத்த வாக்கியத்தில் இரண்டுக்கும் பேட்டர் போட்டால், அம்மா இரண்டாகக் கேட்டது ஒன்றாகிவிடும். அதோடு நம் 'குடுகுடு' ஒலியை மட்டும் சொல்வதில்லை. குட்டையான கால், நெருக்கமான அடி, கொஞ்சம் தள்ளாட்டம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் முதியவரின் வேகநடைக்கும் அதையே சொல்கிறோம். கடைசியில் மழைக்குப் பேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, தம்பிக்கு 'ஸ்கட்டில்' போட்டேன். சிறு அடி வைத்து அவசரமாக ஓடுவது என்று பொருள், இள் என்ற வாலும் இருக்கிறது. ஒலி குறைந்தாலும் நடை கிடைத்தது. நீங்கள் கேட்ட 'தடதட' வளர்ந்தவர்கள் ஓடுவது. மாடிப்படியில் செருப்போடு இறங்கினால் 'கிளாட்டர்' பொருந்தும். மண்தரையில் கனத்த காலோடு ஓடினால் 'தட்' என்றே ஒலிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறது. அது ஓர் அடிக்கான சொல் என்பதால் பன்மையில் எழுத வேண்டும்.

ஆயாவின் 'சதக் பொதக்' எனக்கு மிகவும் பிடித்த இடம். 'சதக் சதக்' என்றால் கத்திக்குத்து நினைவுக்கு வரும். இரண்டாவதை மாற்றிப் 'பொதக்' என்றதும் சேறு வந்துவிடுகிறது. இடக்கால் ஒரு மாதிரி, வலக்கால் ஒரு மாதிரி. ஆங்கிலத்திலும் இரட்டைகளை இப்படி மாற்றுவதுண்டு. நாம் இங்கே முதல் எழுத்தை மாற்றினோம், அவர்கள் உள்ளே இருக்கும் உயிரை இகரத்திலிருந்து அகரத்துக்கோ ஒகரத்துக்கோ மாற்றுவார்கள். டிக்-டாக், பிட்டர்-பேட்டர் எல்லாம் அப்படித்தான். ஹவாய் செருப்புக்கு 'ஃபிளிப்-ஃபிளாப்' என்று பெயர் வந்ததும் அதன் ஒலியால்தான். சேற்றுக்கு அப்படி ஓர் இரட்டை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது 'ஸ்க்வெல்ச்'. காலை இழுக்கும்போது சேறு உறிஞ்சி விடுகிற அந்த ஈர ஒலி முழுவதும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. 'சதக் பொதக்'கைவிட அது குறைவு என்று சொல்ல மாட்டேன்.

உலைக்கு வருவோம். 'தளதள'வுக்கு 'பபிள்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். அதற்குள் அம்மாவே தடுத்தார். "தளதள என்றால் மாவு போடும் நேரம்" என்றார். களி செய்பவர்களுக்கு உலையின் ஒலிதான் கடிகாரம். முதலில் பாத்திரத்தின் அடியில் சிறு குமிழ்கள் உண்டாகி, மேலே இருக்கும் இன்னும் சூடேறாத நீரில் பட்டு உடைந்துபோகும். அப்போது 'சுர்' என்று மெல்லிய ஒலி. ஆங்கிலத்தின் 'சிம்மர்' இந்தக் கட்டத்துக்கு உரியது. நீர் முழுவதும் சூடானதும் குமிழ்கள் மேலே வந்து வெடிக்கும். அது தளதள, அதுதான் பபிள். அந்த நேரத்தில் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் வேக விடுவார்கள். மாவு கெட்டியானதும் நீராவி எளிதில் வெளியேற முடியாமல் ஒவ்வொரு குமிழாக முட்டிக்கொண்டு வெடிக்கும். 'பொளக், பொளக்' என்று இடைவெளி விட்டுக் கேட்கும். மறுபடியும் எண்ண முடிகிற ஒலி, ஆகவே மறுபடியும் வாலில்லாத 'பிளாப்'. ஓட்டின்மேல் விழுந்த முதல் துளிக்குப் போட்ட அதே சொல். அதை மாற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா நோட்டில் அந்தக் களி வேகும்போது வெளியே மழையும் அடங்கி, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கத்தில் ஐப்பசி அடைமழை வருகிறது, 'மழை மூன்று நாளாக நசநசவென்று இருந்தது' என்று. இதற்கு ஒலிச்சொல் தேடாதீர்கள், ஏனென்றால் 'நசநச' காதில் கேட்பதில்லை, தோலில் படுவது. தொல்காப்பியமே 'என' என்ற சொல் இசைக்கும், அதாவது ஒலிக்கும் வரும், உணர்வைக் காட்டும் குறிப்புக்கும் வரும் என்று சேர்த்துச் சொல்கிறது. எங்கள் இலக்கணம் ஒரே கொடியில் காயப்போட்ட அந்த இரண்டையும் ஆங்கிலம் தனித்தனியாக வைத்திருக்கிறது. சுவர் வியர்த்தது, கொடியில் போட்ட துணி மூன்று நாளும் காயவில்லை என்று இரண்டு வரி எழுதினேன். அண்ணன் மகள் அந்த வரிகளைப் படித்துவிட்டு, "பாட்டி வீட்டில் அந்த வாசனை எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.