நாவல்ல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி: "80,000 வார்த்தைல நாவல் முடிச்சிட்டேன். சில வார்த்தை ரொம்ப ரிப்பீட் ஆகுதுன்னு படிச்சவங்க சொல்றாங்க, எனக்குக் கண்ணுக்கே தெரியல. எண்ணிப் பாக்க வழி இருக்கா?"

இருக்கு, ஆனா தமிழ்ல ஒரு சிக்கல். அதிகம் வந்தது மேலன்னு லிஸ்ட் எடுத்தா ஒரு, அந்த, அவன், என்று இதுங்கதான் மேல நிக்கும், நம்ம திருடன் வேற வேற விகுதி மாட்டிக்கிட்டு கீழ சிதறிக் கிடப்பான். அதனால நான் எண்ணிக்கைப்படி அடுக்காம அகர வரிசைலயே விட்டுடுவேன், விகுதி கடைசிலதான ஒட்டுது, சொந்தக்காரங்க எல்லாம் பக்கத்துல பக்கத்துல வந்து நிப்பாங்க. UTF-8 யூனிகோட் டெக்ஸ்ட் ஃபைலா novel.txtன்னு சேவ் பண்ணிட்டு லினக்ஸ் டெர்மினல்ல:

```
export LC_ALL=C
tr -s '[:space:][:punct:]' '\n' < novel.txt | sort | uniq -c > list.txt
```

முதல் வரிய விட்டுடாதீங்க, சில சிஸ்டத்துல அது இல்லன்னா வேற வேற தமிழ் வார்த்தைய ஒண்ணுன்னு நெனச்சு எண்ணிடும். வளைஞ்ச மேற்கோள் குறி இருந்தா அது வார்த்தையோட ஒட்டிக்கும், முன்னாடியே நேர் குறியா மாத்திடுங்க.

என் நாவல்ல மாட்டினது இதுதான்: சட்டென்று 58, சட்டென 31, சட்டெனத் 14, சட்டெனப் 11, சட்டெனக் 8. தனித்தனியா பாத்தா பெருசா தெரியாது, கூட்டுனா 122! வசனத்துல வந்த 'சட்டுன்னு' 9 தனி, அது ஒரே பாட்டி பேசுறது, அப்படியே விட்டுட்டேன். மொத்தத்த விட எங்க குவிஞ்சிருக்குன்றதுதான் முக்கியம், எடிட்டர்ல 'சட்டென'ன்னு தேடுனா ஒரே சண்டைக் காட்சில 17.

இப்ப மாத்துறது. எல்லாத்தையும் 'திடீரென்று'ன்னு ரிப்ளேஸ் ஆல் குடுத்துடாதீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. திடீரென்றுன்னா எதிர்பாக்காம நடந்தது, மழை திடீர்னு வரும். சட்டென்றுன்னா செய்யுற வேகம். கோவத்துல எந்திரிச்சுப் போறவனுக்கு விருட்டென்று, மூஞ்சிக்கு நேரா சொல்றவளுக்கு பட்டென்று, உடனே அழுதுடுற குழந்தைக்கு பொசுக்கென்று. ஒவ்வொரு இடத்துலயும் யாரு, என்ன செய்யுறாங்கன்னு பாத்துதான் வார்த்தை வரும்.

நெசமா சொன்னா பாதிக்கு மேல மாத்தவே வேணாம், தூக்கிடலாம். "கதவு சட்டெனத் திறந்தது. அவள் சட்டென்று எழுந்து சட்டெனத் திரும்பினாள்"னு எழுதி வச்சிருந்தேன், "கதவு திறந்தது. எழுந்தவள் அப்படியே நின்றாள்"னு ஆக்குனதுல வேகம் ஒண்ணும் கொறையல. 122ல 70 நீக்கினேன், 33 மாத்தினேன், 19 அப்படியே இருக்கு.

மாத்தி முடிச்சதும் அதே கமாண்ட மறுபடி ஓட்டுங்க. நான் ஓட்டுனப்ப 3 தடவை இருந்த விருட்டென்று 21 ஆகியிருந்துச்சு, என் கதைல எல்லாருமே கோவிச்சுக்கிட்டுப் போய்க்கிட்டிருந்தாங்க.