பால் குடித்தால் வயிறு உப்புவது ஏன்?

சின்ன வயதில் பால் ஒத்துக்கொண்டது. இப்போது ஒரு கப் பாலோ ஐஸ்கிரீமோ உள்ளே போனால் வாயு, வயிற்றுப் பிடிப்பு. ஏன்?

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். குளுக்கோஸ், கேலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் ஒட்டிய ஜோடி அது. ஜோடியாக இருக்கும்வரை குடல் அதை உறிஞ்சாது. பிரித்துவிடுவது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி. குழந்தைப் பருவத்தில் இது தாராளமாக இருக்கும்; அப்புறம் உலகில் பெரும்பாலானோருக்கு மெல்லக் குறைந்துவிடும். சொல்லப்போனால் அதுதான் மனித உடலின் பழைய வழக்கம். வளர்ந்த பிறகும் நொதி குறையாமல் இருப்பதுதான் பிற்பாடு வந்த மரபணு மாற்றம்.

ஒரு கப் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். சரி, நொதி போதவில்லை என்றால்? பிரியாமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. மூடிய பாத்திரத்தில் மாவு புளித்துப் பொங்குவதுபோல அவை அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை வெளிவிடுகின்றன. கூடவே, உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. வாயுவும் நீரும் சேர்ந்து குடலை விரிக்க, அது இறுகிப் பிசைகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சாப்பாட்டோடு கொஞ்சமாகக் குடித்தால் சர்க்கரை மெதுவாக இறங்குவதால் தொல்லை குறையும்.

பலர் இதைப் பால் ஒவ்வாமை என்கிறார்கள்; ஆனால் இது வேறு. ஒவ்வாமை என்பது பாலின் புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்குவது, அதில் ஒரு வாய்கூட ஆபத்தாகலாம்.