காதில் விழுவது வேறு, காது கொடுப்பது வேறு

கேள்வி: நான் ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். வெளிமாநிலத்தவரையும் வெளிநாட்டவரையும் பாம்பன், தனுஷ்கோடி என்று சுற்றிக் காட்டுவேன். ஓரளவு இங்கிலீஷ் பேசுவேன். போன வாரம் அரிச்சல்முனையில் காற்று இரைச்சலில் ஒரு சவாரி போனில் பேசினார். சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக "ஐ ஆம் நாட் லிசனிங், சார்" என்றேன். அவர் கோபமாகிவிட்டார். ஹியர், லிசன் இரண்டும் கேட்பதுதானே? சீ, லுக், வாட்ச் மூன்றிலும் இதே குழப்பம். எதை எங்கே சொல்வது?

பதில்: தம்பி, "ஐ ஆம் நாட் லிசனிங்" என்றால் "நீங்கள் சொல்வதை நான் கவனிக்கவில்லை" என்று அர்த்தம். அவர் காதில் விழுந்தது அதுதான், அதனால்தான் கோபம். நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது "சாரி சார், ஐ கான்ட் ஹியர் யூ."

பிழை உங்களுடைய கவனக்குறைவு இல்லை. நம் 'கேள்', 'பார்' என்ற இரண்டு சொற்களும் செய்கிற வேலையை இங்கிலீஷில் ஐந்து சொற்கள் பிரித்துக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பிரிவினை தமிழிலும் இருக்கிறது. நாம் அதைச் சொல்லில் வைக்காமல் 'நான்', 'எனக்கு' என்ற வித்தியாசத்தில் வைத்திருக்கிறோம். "எனக்குக் கேட்குது" என்றால் சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. அது ஹியர். "நான் பாட்டு கேட்கிறேன்" என்றால் நானாகக் காது கொடுக்கிறேன். அது லிசன். கண்ணுக்கும் இதே கதைதான். "எனக்குத் தெரியுது" என்பது சீ, "நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன்" என்பது லுக். மாறுகிற, நகர்கிற ஒன்றை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது வாட்ச்.

பாம்பன் சாலைப் பாலத்தில் சவாரியோடு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே தெரிகிறது. மண்டபம் பக்கம் எங்கேயோ ஹாரன் சத்தம். அது உங்கள் காதில் தானாக விழுந்தது, ஆகவே "ஐ ஹியர் எ டிரெயின்." அவருக்கு அது பிடிபடவில்லை, காற்று அப்படி. கொஞ்சம் காதைத் தீட்டச் சொல்கிறீர்கள்: "லிசன்." அப்புறம் கையை நீட்டி, கண்ணை அந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறீர்கள்: "லுக் ஓவர் தேர்." திருப்பிவிட்டார், ஆனால் தெரிகிறதா என்பது வேறு கேள்வி: "கேன் யூ சீ இட்?" தெரிந்துவிட்டது. இனி ரயில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலத்தில் மெதுவாக ஊர்ந்து வரும், அதை அவர் கண் எடுக்காமல் பார்ப்பார்: "வாட்ச் இட் கிராஸ் தி பிரிட்ஜ்."

லுக் என்ற பிறகும் சீ இல்லாமல் போகலாம் என்பதை இதில் கவனியுங்கள். "ஐ லுக்ட், பட் ஐ டிட்ன்ட் சீ எனிதிங்" என்பது "பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்பதற்குச் சரியான இங்கிலீஷ். "லிசன் பண்ணேன், ஹியர் ஆகலை" என்பதும் அப்படியே. முயற்சி ஒன்று, பலன் இன்னொன்று. பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி கப்பலுக்காகச் செங்குத்தாக மேலே எழும்புமே, அதைப் பார்ப்பதற்கும் வாட்ச் பொருத்தம். நின்று கொண்டிருக்கும் பாலத்தைக் காட்டினால் "லுக் அட் தி பிரிட்ஜ்" போதும்.

இந்த 'நான், எனக்கு' சோதனை ஓர் இடத்தில் கைவிடும். "பஜார்ல உங்க மாமாவைப் பார்த்தேன்" என்று 'நான்' போட்டே சொல்வோம். ஆனால் நீங்கள் தேடிப் பார்க்கவில்லை. அவர் எதிரில் வந்தார். அங்கே 'கண்ணில் பட்டார்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் "ஐ சா யுவர் அங்கிள்." லுக்ட் அட் என்றால் அவரை நின்று உற்றுப் பார்த்ததாகிவிடும். காதுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 'கேள்விப்பட்டேன்' பொருந்துகிற இடமெல்லாம் ஹியர்தான்: "உங்க ஊர்ல மழைன்னு கேள்விப்பட்டேன்" என்பதற்கு "ஐ ஹேர்ட் இட் ரெயின்ட் இன் யுவர் டவுன்." விசாரித்த 'கேட்டேன்' இரண்டிலும் சேராது, அது ஆஸ்க். ஓட்டலில் ரூம் வாடகை கேட்டேன் என்றால் ஆஸ்க்ட்.

சொல்லைச் சரியாகப் பிடித்தாலும் ஒட்டுச் சொல்லில் தடுக்கும். லிசனுக்கும் லுக்குக்கும் பின்னால் பொருள் வந்தால் டு, அட் கட்டாயம்: "லிசன் டு மீ", "லுக் அட் தி சர்ச்." பொருள் வராவிட்டால் அவை தேவையில்லை, வெறும் "லுக்!" போதும். ஹியர், சீ, வாட்ச் மூன்றும் பொருளை நேரே எடுத்துக்கொள்ளும். "லிசன் மீ", "ஹியர் டு மீ" இரண்டும் எங்கள் வகுப்பில் நான் வாரம் ஒரு முறையாவது திருத்துபவை.

ஹியர், சீ இரண்டையும் 'இங்' போட்டுச் சொல்வதையும் தவிருங்கள். தானாக நடப்பதை நீங்கள் செய்துகொண்டிருப்பதாகச் சொல்ல முடியாது. "ஐ ஆம் ஹியரிங் யூ" வேண்டாம், "ஐ கேன் ஹியர் யூ" சொல்லுங்கள். 'ஐ ஆம் சீயிங்' வந்தால் பெரும்பாலும் சந்திப்பதைக் குறிக்கும். "ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ" என்றால் நாளை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். டாக்டர் மாதிரி தொழில் சொல் இல்லாமல் ஒரு ஆணையோ பெண்ணையோ 'சீயிங்' என்றால் காதலிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். எதிரில் நிற்கிற ஆளைத் தெரிகிறது என்று சொல்ல "ஐ கேன் சீ ஹிம்" போதும்.

உங்கள் தொழிலில் அடிக்கடி வரும் 'பார்த்துக்கொள்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். சவாரி அக்னி தீர்த்தத்தில் குளிக்கப் போகிறார், பையை உங்களிடம் விடுகிறார். "ஐ வில் சீ யுவர் பேக்" என்றால் பையை எடுத்துப் பார்ப்பேன் என்பது போல ஒலிக்கும். "ஐ வில் வாட்ச் யுவர் பேக்" என்பதுதான் 'பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்'. படியில் பாசி வழுக்கினால் "வாட்ச் யுவர் ஸ்டெப்."

சினிமாவில் மட்டும் கோடு கொஞ்சம் மங்கல். தியேட்டரில் பார்த்த படத்துக்கு சீ, வாட்ச் இரண்டும் சொல்வார்கள். வீட்டில் டிவி என்றால் வாட்ச் மட்டும். போனில் எடுத்த போட்டோவைக் காட்டும்போது "லுக் அட் திஸ் போட்டோ."

அப்புறம் ஒன்று, பேச்சைத் தொடங்கும்போது நாம் சொல்கிற "பாருங்க சார்", "கேளுங்க சார்". அதை "லுக், சார்", "லிசன், சார்" என்று மாற்றினால் அதட்டுவது போல விழும். பாலத்தைக் காட்டும் "லுக்!" வேறு, பேச்சுக்கு முன்னால் வரும் "லுக்," வேறு. பேச்சின் தொடக்கத்துக்கு "ஆக்சுவலி, சார்" என்றோ வெறும் "சார்" என்றோ சொல்லுங்கள். அரிச்சல்முனையில் மறுபடி காற்று இரைந்தால் "சாரி, ஐ கான்ட் ஹியர் யூ. இட்ஸ் வெரி விண்டி. ஐ வில் கால் யூ பேக்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குள் உட்கார்ந்து திரும்பக் கூப்பிடுங்கள்.