பரணில் கிடைத்த பித்தளை அச்சு

கேள்வி: சேலத்தில் பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது. படத்தில் இருப்பது முறுக்கு அச்சா, இடியாப்ப அச்சா?

முறுக்கு அச்சுதான். குழலை வைத்து இதைச் சொல்ல முடியாது. பல வீடுகளில் ஒரே குழலில் தட்டை மட்டும் மாற்றி இரண்டையும் பிழிவார்கள். உங்கள் இரண்டாவது படத்தில் அடித்தட்டு தெரிகிறதே, அதைப் பாருங்கள். மூன்று துளைகள், ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவம். அது முள்ளு முறுக்குக்கு. வழவழப்பான வட்டத் துளைகளாக இருந்தால் தேன்குழல். இடியாப்பத் தட்டில் ஊசித் துளைகள் நெருக்கமாக நிறைய இருக்கும். ஓமப்பொடித் தட்டும் ஏறக்குறைய அப்படித்தான், படத்தில் பிரித்தறிவது கடினம்.

ஒரு துளை மட்டும் வட்டமாகத் தெரிவது பழைய மாவு காய்ந்து அடைத்ததால் இருக்கலாம். தட்டைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மறுபடி படமெடுங்கள். அடைப்புதான் என்றால் அந்தத் துளையிலும் நட்சத்திர முனைகள் தெரியும்.